கோப்பை ராணி, கோப்பை ராஜா: வரன் பார்க்கும்போது அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் என்னிடம் டாரட் சீட்டு பார்க்க வருகிறவர்களில் பாதிக்கு மேல் வீட்டில் கல்யாணப் பேச்சு ஓடிக்கொண்டிருப்பவர்கள். கோப்பை ராணி, கோப்பை ராஜா என்ற இரண்டு சீட்டுகளை வைத்து அவர்கள் கேட்டதைக் கேட்டபடியே கீழே போட்டிருக்கிறேன். பதிலெல்லாம் 1909-இல் லண்டனில் வெளிவந்த ரைடர்-வெய்ட் சீட்டுக்கட்டை வைத்துத்தான். பமீலா கோல்மன் ஸ்மித் வரைந்த அந்தப் படங்களைப் பார்த்துத்தான் இன்றைக்கு ஆன்லைனில் கிடைக்கும் பாதிக் கட்டுகளையும் வரைகிறார்கள், அதனால் உங்கள் கையில் இருப்பதும் அநேகமாக இதுவோ இதன் தம்பியோதான்.

அக்கா, கோப்பை ராஜா நேரா வந்திருக்கு. மாப்பிள்ளை பக்குவமானவர்னு முடிவு பண்ணிடலாமா?

வேண்டாம். கட்டைக் கலைத்தது நீங்கள், சீட்டை எடுத்ததும் நீங்கள். அந்த நேரத்தில் மாப்பிள்ளை கத்தாரில் டூட்டியில் இருந்திருப்பார், அவருடைய குணம் உங்கள் வீட்டு மேஜையில் கிடக்கும் அட்டைக்குள் எப்படி ஏறும்?

நான் இந்த இரண்டு சீட்டுகளையும் வேறு வேலைக்கு வைத்திருக்கிறேன். "நல்ல பக்குவமான பையன்", "பொறுமையான பொண்ணு" என்று தரகர் முதல் சித்தப்பா வரை எல்லோரும் சொல்வார்கள், கேட்டால் யாருக்கும் அதற்கு மேல் சொல்லத் தெரியாது. இந்தப் படங்கள் அதை இரண்டு தனித்தனிப் பழக்கங்களாகப் பிரித்துக் காட்டுகின்றன. தன் மனதில் இப்போது என்ன ஓடுகிறது என்று தனக்கே தெரிந்திருப்பது ராணியின் பழக்கம். அது தெரிந்த பிறகும் அதன் இழுப்புக்கு ஓடாமல் நிற்பது ராஜாவின் பழக்கம். இரண்டையும் நேரில், போனில், கல்யாண வீட்டுப் பந்தியில்கூடக் கவனித்துப் பார்க்க முடியும். சீட்டு வந்தால் எதைக் கவனிப்பது என்று தெரியும், கவனிக்கிற வேலை உங்களுடையது.

ரெண்டு படமும் எனக்கு ஒரே மாதிரிதான் தெரியுது. கிரீடம், நாற்காலி, கப்பு, தண்ணி. எதைப் பாக்கணும்?

கோப்பையையும் காலையும் பாருங்கள். முக்கால்வாசி விஷயம் அங்கேதான் இருக்கிறது.

ராணி கரையில் உட்கார்ந்திருக்கிறாள். சிம்மாசனத்தில் நீர்ப்பெண் குழந்தைகளின் உருவம் செதுக்கியிருக்கும், காலடியில் நிறம் நிறமாய்க் கூழாங்கல், தண்ணீர் அவளுக்குப் பக்கத்திலேயே. கையில் இருக்கிற கோப்பை மற்றச் சீட்டுகளில் இருப்பதுபோல் திறந்த கோப்பை அல்ல. இருபக்கமும் கைப்பிடி, மேலே மூடி, மூடிக்கு மேல் சிலுவை என்று ஏதோ கோயில் பாத்திரம் மாதிரி இருக்கும், அதைத்தான் அவள் உற்றுப் பார்க்கிறாள். உள்ளே என்ன இருக்கிறது என்று நமக்குத் தெரியாது, அவளுக்குத் தெரியும். மூடி இருப்பதால் அது வழிந்து பக்கத்தில் இருப்பவர் மேல் கொட்டுவதும் இல்லை. உணர்ச்சி இருக்கிறது, அதன் மேல் கவனம் இருக்கிறது, ஒரு எல்லையும் இருக்கிறது. ராணியை "பாசக்காரி" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகிறவர்கள் அந்த மூடியைப் பார்ப்பதில்லை.

ராஜாவுக்குக் கரையே கிடையாது. கல் சிம்மாசனம் நேராகக் கடல் நடுவில் மிதக்கிறது. கடலும் சும்மா இல்லை, ஆனி மாதத்துக் குளச்சல் கடல்போல அலை புரண்டுகொண்டிருக்கிறது. ஒரு பக்கம் கப்பல், மறுபக்கம் டால்பின் துள்ளுகிறது. கழுத்தில் மீன் பதக்கம். வலக்கையில் கோப்பை, இடக்கையில் செங்கோல். அவர் கோப்பையைப் பார்க்கவில்லை, ஆனால் கீழேயும் போடவில்லை. கால் தண்ணீரில் படவில்லை. அந்த அலையும் அவருடையதுதான், வெளியில் இருந்து வந்த புயல் என்று நான் படிப்பதில்லை. கோபம், பயம், ஏமாற்றம் எல்லாம் சுற்றி அடிக்கும்போது கையில் இருப்பதைச் சிந்தாமல் உட்கார்ந்திருக்கிறார், அவ்வளவுதான்.

அப்போ ராஜா வந்தா மாப்பிள்ளை, ராணி வந்தா பொண்ணா? என் தம்பிக்குப் பொண்ணு பாக்கும்போது ராஜா வந்துச்சே.

நான் அப்படிப் பிரிப்பதில்லை. இந்தக் கட்டை உருவாக்கிய வெய்ட் எழுதிய பழைய குறிப்புகளில் ராஜா என்றால் ஒரு ஆண், வியாபாரியோ வக்கீலோ மதகுருவோ, பொறுப்பானவர், ராணி என்றால் நேர்மையும் பாசமும் உள்ள ஒரு பெண் என்றுதான் இருக்கிறது. அந்தக் காலத்துக்கு அது சரி. பழக்கத்துக்கு ஆண் பெண் இல்லை. உங்கள் தம்பிக்குப் பார்க்கும் பெண்ணிடம் ராஜாவின் குணத்தைத் தேடுங்கள். ஒரு பேச்சு அவளுக்குப் பிடிக்காமல் போனால், முகம் மாறினாலும் வார்த்தையை எண்ணிப் பேசுகிறாளா என்று பாருங்கள். அப்படியே ராணியின் குணத்தை உங்கள் தம்பியிடமும் தேடுங்கள். நம் ஊரில் பையனைப் பற்றி அந்தக் கேள்வியை யாரும் கேட்பதே இல்லை என்பதால் அதைத்தான் முதலில் கேட்கச் சொல்வேன்.

அவர் ரொம்ப அமைதி. எதுக்குமே கோவப்பட மாட்டார்னு அவங்க அம்மாவே சொன்னாங்க. இது ராஜாதானே?

அமைதி இரண்டு விதம். இங்கேதான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். படத்தில் அலை இருக்கிறது என்பதை மறந்துவிடாதீர்கள். அலையே இல்லாதவரும், அலையை யாருக்கும் காட்டாமல் அடியில் அமுக்கி வைத்திருப்பவரும் வெளியே ஒரே மாதிரி அமைதியாகத்தான் தெரிவார்கள். காபியைக் குடித்து ஏத்தங்காய் சிப்ஸைக் கொறித்துவிட்டுக் கிளம்பும் அரைமணி நேரப் பெண் பார்ப்பில் இந்த வித்தியாசம் தெரியவே தெரியாது.

கண்டுபிடிக்க நான் சொல்லும் வழி ஒன்றுதான்: அவருக்குக் கஷ்டம் தந்த ஒரு விஷயத்தைப் பற்றிக் கேளுங்கள். வேலை போனது, அப்பாவுக்கு முடியாமல் போனது, வீட்டுச் சண்டை, எதுவானாலும் சரி. உண்மையில் பக்குவப்பட்டவர், "அப்போ பயங்கர கோவம் வந்துச்சு, ரெண்டு நாள் யார்கிட்டயும் பேசல, அப்புறம் போய்ப் பேசினேன்" என்பதுபோல் ஏதாவது சொல்வார். வந்த உணர்ச்சிக்குப் பெயர் இருக்கும், பிறகு அவர் செய்த காரியமும் இருக்கும். அமுக்கி வைப்பவர் "அதெல்லாம் ஒண்ணுமில்ல" என்று முடித்துவிடுவார், இல்லாவிட்டால் கதை முழுக்க மற்றவர்கள் செய்ததாகவே இருக்கும். ஒரு தடவை இப்படிச் சொன்னதை வைத்து ஆளை எடை போடாதீர்கள், புதுப் பெண்ணிடம் யாருமே முதல் நாளில் மனதைத் திறக்க மாட்டார்கள். வெவ்வேறு நாளில் இரண்டு மூன்று தடவை கேட்டும் அதே மூடிய கதவு என்றால் அப்போது குறித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், "கோவமே வராது" என்று அம்மா சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். அம்மாவிடம் வராது. தம்பியிடம், கடைப் பையனிடம், வழியை மறித்து வண்டியை நிறுத்தியவனிடம் வருகிறதா என்று பாருங்கள்.

எனக்கு ராணி வந்துச்சு. அந்தப் பொண்ணு எல்லாருக்கும் உருகுறவ, யார் அழுதாலும் கூட அழுவா. அது நல்ல அடையாளம்தானே?

பாதி நல்லது. உருகுவது அவளுடைய இயல்பாக இருக்கலாம், ராணியிடம் நான் தேடுவது மூடியை. அடுத்தவர் துக்கத்தைக் கேட்டு, கூட இருந்து, பிறகு தன் வேலைக்குத் திரும்ப முடிகிறதா? கடன் கேட்கும் அண்ணனிடம், "என்கிட்ட இப்போ இல்ல" என்று குற்ற உணர்ச்சி இல்லாமல் சொல்ல முடிகிறதா? எல்லோருக்கும் தலையாட்டிவிட்டு இரவில் தலைவலி என்று படுக்கிறவளை ஊர் "தங்கமான பொண்ணு" என்னும். நான் அவளை, களைத்துப்போன பெண் என்பேன், கல்யாணத்துக்குப் பிறகு அந்தப் பாரம் இரட்டிக்கும் என்றும் சொல்வேன்.

சின்னச் சோதனை ஒன்று. எங்கே சாப்பிடலாம் என்று அவளையே தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். "உங்க இஷ்டம்" என்பதே எப்போதும் பதில் என்றால், மரியாதைக்குச் சொல்கிறாளா, தனக்கு என்ன வேண்டும் என்றே பார்த்துப் பழகாதவளா என்று மெதுவாகக் கண்டுபிடியுங்கள்.

தலைகீழா வந்தா வேண்டாம்னு சொல்லிடணுமா?

வெய்ட்டின் குறிப்பில் தலைகீழ் ராஜா மோசமான ஆள்: நேர்மை இல்லாதவர், இரட்டை வேடம், ஏமாற்று, நஷ்டம் என்று நீளும். தலைகீழ் ராணிக்கு அவரே கணக்கு பலவிதம் என்கிறார், நல்ல பெண் என்றும் ஓரிடத்தில், நம்பக் கூடாதவள் என்றும் இன்னோரிடத்தில். இந்தக் குறிப்பை வைத்து ஒரு வரனைத் தட்டிவிடுவது அநியாயம். தலைகீழாக வந்தால், "அந்தக் குணம் எந்தப் பக்கம் சாய்ந்தால் கெட்டுப்போகும்" என்று நான் படிக்கிறேன். ராஜா சாய்ந்தால் ஒன்று பொட்டித்தெறிப்பது, இல்லையென்றால் மௌனத்தாலேயே ஆட்டிவைப்பது. ராணி சாய்ந்தால் தன் கோப்பையை மறந்து மற்றவர் கோப்பையைச் சுமப்பது. நேராக வந்தாலும் இதைக் கேட்டுத்தான் ஆக வேண்டும் என்பதால் தலைகீழ் எனக்குப் பெரிய விஷயமில்லை.

நைட் ஆஃப் கப்ஸ் வந்துச்சு. குதிரையில கோப்பையோட வர்றார், அதுவும் காதல்தானே?

காதல்தான், ஆனால் பயணத்தில் இருக்கும் காதல். கோப்பையை நீட்டிக்கொண்டு வருகிறார், இன்னும் எங்கும் உட்காரவில்லை. ராத்திரி 12 மணி வாய்ஸ் மெசேஜும் பிறந்தநாள் கேக்கும் இந்தச் சீட்டு. ராஜாவும் ராணியும் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதை மட்டும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

ஒரு முழு ரீடிங் எப்படிப் பண்ணுவீங்கன்னு சொல்லுங்க.

தக்கலைப் பக்கத்துப் பெண் ஒருவர், ஸ்டாஃப் நர்ஸ், நாகர்கோவிலில் வேலை. மாப்பிள்ளை வளைகுடாவில், ஒரு மாத லீவில் வந்திருந்தார். இரு வீட்டுக்கும் சம்மதம், லீவு முடிவதற்குள் நிச்சயம் வைத்துவிடலாம் என்றார்கள். பெண்ணுக்கு ஒரே ஒரு நெருடல்: "நல்லவர்தான், ஆனா ஏதோ புரியல."

நான்கு சீட்டு போட்டோம். ஒவ்வொரு இடத்துக்கும் என்ன கேள்வி என்பதை எடுப்பதற்கு முன்பே சொல்லிவிடுவேன், எடுத்த பிறகு மாற்றமாட்டேன். முதல் இடம், நான் இதுவரை பார்த்த முகம். அதில் கோப்பை ராஜா. இரண்டாவது, மனசு கலங்கினால் என்ன செய்வார் என்று நான் பார்க்க வேண்டியது. கோப்பை நான்கு வந்தது: மரத்தடியில் கையைக் கட்டி உட்கார்ந்திருக்கும் இளைஞன், முன்னால் மூன்று கோப்பை, மேகத்திலிருந்து ஒரு கை நான்காவதை நீட்டுகிறது, அவன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. மூன்றாவது, நான் என்ன கொண்டுவருகிறேன். அங்கே கோப்பை ராணி, தலைகீழ். நான்காவது, நிச்சயத்துக்கு முன் கேட்க வேண்டிய விஷயம். கோப்பை ஆறு: பழைய வீட்டு முற்றத்தில் ஒரு சிறுவன் பூ வைத்த கோப்பையை இன்னொரு சின்னப் பிள்ளைக்குக் கொடுக்கும் படம்.

முதல் இரண்டையும் சேர்த்துப் படித்தேன். அமைதியான முகம், அதற்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு ஒதுங்கிவிடும் பழக்கம் இருக்கலாம், இருக்கிறதா என்று பாருங்கள் என்றேன். மூன்றாவதைப் பார்த்ததும் அவரே சிரித்துவிட்டார், "அவர் பேசலன்னா நான்தான் சாரி சொல்லிட்டே இருக்கேன்." ஆறு, குழந்தைப் பருவத்து வீடு. அதனால் கேட்க வேண்டிய கேள்வி இப்படி அமைந்தது: உங்க வீட்டுல சண்டை வந்தா எப்படி முடியும்?

அதை அவர் சங்குத்துறை பீச்சில் வைத்துக் கேட்டார், இரண்டு பக்கத்துச் சொந்தக்காரர்களும் கொஞ்சம் தள்ளி மணலில் உட்கார்ந்திருந்தார்கள். பதில்: அப்பா கோபப்பட்டால் வாரக்கணக்கில் பேசமாட்டார், பிறகு ஒருநாள் எதுவுமே நடக்காததுபோல் சாப்பாடு கேட்பார், அம்மா போடுவார், அத்தோடு முடியும். சில நாள் கழித்து நைட் ஷிஃப்ட் மாறியதால் பேசுவதாகச் சொன்ன நேரத்தில் இவரால் போன் எடுக்க முடியவில்லை. இரண்டு நாள் அந்தப் பக்கம் சத்தமே இல்லை. மூன்றாம் நாள் "சாப்ட்டியா?" என்று மெசேஜ். அப்பாவிடம் பார்த்த அதே முறை.

இந்த இடத்தில் பெண்ணிடம் நான் சொன்னது, சாரி சொல்லாதீர்கள், சண்டையும் போடாதீர்கள், நடந்ததை மட்டும் சொல்லுங்கள் என்று. "ரெண்டு நாள் பேசாம இருந்தீங்க, எனக்குப் பயமா இருந்துச்சு, என்ன ஆச்சு?" என்று கேட்டார். அவர் முதலில் ஒன்றுமில்லை என்றார், பிறகு ஒரு மணி நேரம் கழித்துக் கூப்பிட்டு, தன்னை மதிக்கவில்லை என்று தோன்றியதாகவும் அதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் விட்டுவிட்டதாகவும் சொன்னார். எனக்கு அந்த ஒரு மணி நேரம்தான் முக்கியம். கேட்டதும் பாய்ந்திருந்தாலோ, கடைசிவரை ஒன்றுமில்லை என்றே நின்றிருந்தாலோ நான் வேறு மாதிரி பேசியிருப்பேன். ராஜா அவரிடம் இன்னும் முழுதாக வரவில்லை, வரக்கூடிய ஆள் என்று மட்டும் சொன்னேன். பெண் நிச்சயத்தை அடுத்த லீவுக்குத் தள்ளச் சொன்னார். மாப்பிள்ளை வீட்டில் கொஞ்சம் முகம் சுளித்தார்கள், அவரே பேசிச் சம்மதிக்க வைத்தார். அது எந்தச் சீட்டிலும் வரவில்லை, ஆனால் அந்த லீவில் நடந்ததிலேயே நல்ல அடையாளம் அதுதான்.

நான் எப்போ எடுத்தாலும் இந்த ரெண்டுல ஒண்ணு வருது. ஏதோ சொல்ல வருதோ?

கணக்கைப் பாருங்கள். கட்டில் 78 சீட்டு. நான்கு சீட்டு எடுத்தால் அதில் ராஜாவோ ராணியோ ஒன்றாவது இருக்க வாய்ப்பு சுமார் 10 சதவீதம். அதாவது வெறும் கலைப்பிலேயே பத்துத் தடவைக்கு ஒரு தடவை வரும். ஒரே வரனுக்காக ஒவ்வொரு ராத்திரியும் எடுத்தால் ஒரு மாதத்தில் இரண்டு மூன்று தடவை வருவது சாதாரணம், வராத ராத்திரிகளை மனசு எண்ணி வைப்பதில்லை. அதனால் ஒரு வரனுக்கு ஒரு ரீடிங் என்று வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் புதிதாக ஏதாவது நடந்தால் மட்டும் இன்னொன்று.

என் கட்டுல ராஜாவே இல்லையே?

தோத் கட்டாக இருக்கும், அலைஸ்டர் க்ரௌலிக்காக ஃப்ரீடா ஹாரிஸ் வரைந்தது. அதில் நைட், ராணி, இளவரசன், இளவரசி என்றுதான் அரசவை. படங்களும் வேறு, கடலில் மிதக்கும் சிம்மாசனமும் இல்லை. மேலே சொன்னதை அதில் ஒட்டவைக்க வேண்டாம்.

நாங்க கத்தோலிக்கர். இது பாக்கலாமா?

திருச்சபையின் மறைக்கல்வி, பத்தி 2116, எல்லா விதக் குறி பார்ப்பதையும் விலக்கச் சொல்கிறது. சீட்டில் வருங்காலம் தெரியும் என்று நான் சொல்வதில்லைதான், ஆனாலும் உங்கள் மனசு உறுத்தினால் சீட்டே எடுக்க வேண்டாம். மேலே இருக்கிற கேள்விகளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், ஓலை வாசிப்பதற்கு முன்னால் கேட்டுவிடுங்கள்.

ஜாதகம் பத்துக்கு எட்டு பொருந்துது. கார்டு சரியில்ல. எதைக் கேக்க?

இரண்டையும் எடுத்து வைத்துவிட்டு அந்த ஆளிடம் இன்னும் கொஞ்சம் பேசுங்கள்.

அவர் குடிப்பார், குடிச்சா கை நீட்டுவார்னு பக்கத்து ஊர்ல ஒருத்தங்க சொன்னாங்க. ஆனா ராஜா நேரா வந்துச்சே, நம்பலாமா?

நம்பாதீர்கள். இப்படி ஒரு தகவல் காதில் விழுந்த பிறகு நான் கட்டையே திறப்பதில்லை. நல்ல சீட்டு வந்தால் அதைச் சாக்காக வைத்து நீங்கள் விசாரிக்காமல் விட்டுவிடுவீர்கள், கெட்ட சீட்டு வந்தால் வெறும் சீட்டுதானே என்பீர்கள், இரண்டாலும் பயன் இல்லை. சொன்னவருக்கு அந்த வீட்டோடு முன்பகை ஏதாவது உண்டா என்று முதலில் பாருங்கள். பிறகு ஒருவருக்கொருவர் தெரியாத வேறு இரண்டு பேரிடம் கேளுங்கள்: கூட வேலை செய்தவர் ஒருவர், அவர் தெருவில் இருக்கும் ஒருவர். வெளிநாட்டில் இருப்பவர் என்றால் அங்கே ஒரே ரூமில் இருந்த நம்ம ஊர்க்காரர் யாராவது கண்டிப்பாகக் கிடைப்பார், குமரி மாவட்டத்தில் அது கஷ்டமே இல்லை. அடித்தது உண்மை என்று தெரிந்தால் அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள், "கல்யாணம் ஆனா சரியாயிடும்" என்று பெரியவர்கள் யார் சொன்னாலும்.